இலையின் சமையல்கட்டில் ஆக்சிஜன் எந்தச் சாமானிலிருந்து வருகிறது?

"ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, இலையைச் சமையலறையாக வைத்து ஒளிச்சேர்க்கையைச் சொல்லும் சிறுகதை ஒன்று எழுதினேன். சூரியன் அடுப்பு, பச்சையம் சமையல்காரர், தண்ணீரும் கரியமில வாயுவும் மளிகைச் சாமான், சர்க்கரை சாப்பாடு, ஆக்சிஜன் புகை. வகுப்பில் வாசித்து முடித்ததும் ஒரு மாணவி, ‘அந்த ஆக்சிஜன் எந்தச் சாமான்லேர்ந்து வந்துச்சு?’ என்று கேட்டாள். கரியமில வாயுவிலிருந்து என்று சொல்லிவிட்டேன். சரிதானா? கதையில் வேறு என்ன திருத்த வேண்டும்?"

தண்ணீரிலிருந்து வருகிறது. முழுக்க முழுக்கத் தண்ணீரிலிருந்துதான். அந்த மாணவியிடம் அடுத்த வகுப்பிலேயே திருத்திச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவள் கேட்டது இந்தப் பாடத்தின் மையமான கேள்வி. 26 வருடம் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுத்திருக்கிறேன். உங்கள் பதிலைத்தான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். CO₂ என்று எழுதும்போதே அதற்குள் ஒரு O₂ உட்கார்ந்திருக்கிறது. கார்பனை இலை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விடுகிறது என்று நினைப்பது இயல்பு. 1930கள் வரை அறிவியலாளர்களில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்த எண்ணத்தை அசைத்தவர் வான் நீல் என்ற நுண்ணுயிரியலாளர். ஊதா நிறத்தில் சில பாக்டீரியாக்கள் உண்டு. அவையும் ஒளியை வைத்துக் கரியமில வாயுவிலிருந்து உணவு தயாரிக்கும். ஆனால் தண்ணீருக்குப் பதிலாக, அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடை எடுத்துக்கொள்ளும். அவற்றின் கழிவாக ஆக்சிஜன் வருவதே இல்லை, கந்தகம்தான் வருகிறது. கரியமில வாயு இரண்டு சமையலுக்கும் பொது. மாறியது இன்னொரு சாமான்தான், அது மாறியதும் கழிவும் மாறிவிட்டது. அப்படியென்றால் பச்சைச் செடியில் வெளியேறும் ஆக்சிஜனும் அந்த இன்னொரு சாமானிலிருந்து, அதாவது தண்ணீரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். 1941இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ரூபன், கேமன் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சாதாரண ஆக்சிஜனைவிடச் சற்றுக் கனமான ஆக்சிஜன்-18 கொண்ட தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்தபோது, வெளியே வந்த வாயுவிலும் கனமான ஆக்சிஜன் இருந்தது. தண்ணீரைச் சாதாரணமாக வைத்து, கார்பனேட்டில் கனமான ஆக்சிஜனை ஏற்றிக் கொடுத்தபோது, வெளியே வந்த வாயு தண்ணீரைத்தான் ஒத்திருந்தது.

ஏழாம் வகுப்புக்கு ஆக்சிஜன்-18 வேண்டாம். எண்ணத் தெரிந்தாலே போதும். பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் 6CO₂ + 6H₂O → C₆H₁₂O₆ + 6O₂ என்று இருக்கும். வெளியே வருவது 6 O₂, அதாவது 12 ஆக்சிஜன் அணுக்கள். ஆனால் 6 தண்ணீரில் 6 ஆக்சிஜன் அணுக்கள்தானே இருக்கின்றன? கூர்மையான பிள்ளை ஒன்று இதைக் கட்டாயம் கேட்கும், கேட்க வேண்டும். உண்மையில் இலை 12 தண்ணீரை உடைக்கிறது, பின்னால் 6 தண்ணீரைப் புதிதாக உண்டாக்குகிறது: 6CO₂ + 12H₂O → C₆H₁₂O₆ + 6O₂ + 6H₂O. பாடப்புத்தகம் இரண்டு பக்கமும் ஆறு ஆறாகக் கழித்துச் சுருக்கி எழுதுகிறது. கணக்கு தப்பில்லை, ஆனால் அந்தச் சுருக்கத்தில் ஆக்சிஜனின் ஊர் எது என்பது மறைந்துபோகிறது. விரித்து எழுதினால் எல்லாம் நேராகிவிடும். 12 தண்ணீரின் 12 ஆக்சிஜன் அணுக்களும் வாயுவாக வெளியேறுகின்றன. கரியமில வாயுவின் 12 ஆக்சிஜன் அணுக்களில் 6 சர்க்கரைக்குள் போகின்றன, 6 புதுத் தண்ணீருக்குள் போகின்றன. வகுப்பில் புளியங்கொட்டையும் சோழியும் வைத்து இதை அடுக்கிக் காட்டியிருக்கிறேன், இருபது நிமிடத்தில் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் கதையில் நான் மாற்றச் சொல்லும் இரண்டாவது விஷயம் அடுப்பு. அடுப்பு என்றதும் பிள்ளை மனதில் வருவது சூடு. சூடு ஏற ஏறச் சமையல் வேகமாகும் என்ற முடிவுக்கு அது போய்விடும். பிறகு சித்திரை மாத உச்சி வெயிலில்தான் இலை அதிகம் சமைக்கும் என்று தேர்வில் எழுதும். இலைக்கு வேண்டியது ஒளி. மிக்சிக்கு மின்சாரம் மாதிரி என்று சொன்னால் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். மின்சாரம் சட்னிக்குள் போவதில்லை, ஆனால் அது இல்லாமல் பிளேடு சுற்றாது. சூரியனைச் சாமான்களோடு சேர்த்து மளிகைப் பட்டியலில் வைக்காதீர்கள். ஒளி உள்ளே வருகிறது என்பது சரி, ஆனால் அது ஒரு பொருளாக வரவில்லை. ஆக்சிஜனைப் புகை என்று சொல்வதையும் விட்டுவிடலாம். புகை எரிவதிலிருந்து வருவது, இங்கே எதுவும் எரியவில்லை.

இதையெல்லாம் விதியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, உங்கள் சமையலறையை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு கதையாகவே எழுதிக் காட்டுகிறேன். மாமரத்தை எடுத்திருக்கிறேன். அதற்குக் காரணம் அதன் தளிர். மாந்தளிர் செம்பு நிறத்தில் பிறந்து, தொங்கிக்கொண்டிருந்து, பிறகு மெல்லப் பச்சையாகும். பச்சை ஏறும்வரை அதற்குத் தன் சாப்பாட்டைத் தானே ஆக்கிக்கொள்ளத் தெம்பு போதாது, மூத்த இலைகளும் மரத்தின் சேமிப்பும் ஊட்டித்தான் அது வளர்கிறது. எதுவும் தெரியாத, பசிக்கிற ஒரு பிள்ளை கதைக்குத் தானாகவே கிடைத்துவிடுகிறது.

பள்ளிக்கூடத்துக் குழாயடியில் ஒரு மாமரம். அதன் தாழ்ந்த கிளை ஒன்றில் செம்பு நிறத்தில் ஒரு தளிர் பிறந்து ஆறு நாளாகியிருந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே அது எந்நேரமும் காம்பு வழியாக இனிப்பு நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒருநாள் விடியற்காலையில், கீழே இருந்த கரும்பச்சை இலையிடம் கேட்டது: "பெரியம்மா, தினமும் எனக்கு இந்தச் சர்க்கரைத் தண்ணி வருதே, எங்கேர்ந்து வருது? மண்ணுலேர்ந்தா?"

"மண்ணுல ஏதுடி சர்க்கரை? நான் ஆக்கினது. இன்னைக்கு என் சமையல்கட்டைப் பார்க்கிறியா? இன்னும் கொஞ்ச நாள்ல நீயும் ஆக்க வேண்டியவதான்."

கிழக்கே வெளிச்சம் வந்ததும் பெரியம்மாவின் அடிப்பக்கம் ஆயிரமாயிரம் சின்னக் கதவுகள் திறந்தன. ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு பக்கமும் அவரை விதை மாதிரி வளைந்த ஒரு காவல்காரர். காவல்காரர்கள் தண்ணீர் குடித்து உப்பினால் கதவு திறக்கும், தளர்ந்தால் மூடிக்கொள்ளும். கதவு திறந்ததும் காற்று உள்ளே நுழைந்தது. தளிர் எட்டிப் பார்த்தது.

"ஐயோ, எவ்வளவு கூட்டம்! இவங்க எல்லாருமா சாமான்?"

"இல்லைடி. பத்தாயிரம் பேர் வந்தா அதுல நாலு பேர்தான் கரியமில வாயு. அந்த நாலு பேர்தான் நமக்கு வேணும். மத்தவங்க வந்த வழியே போயிடுவாங்க."

அதே நேரத்தில் காம்பு வழியாகத் தண்ணீர் ஏறிவந்தது. வேரிலிருந்து கிளை, கிளையிலிருந்து காம்பு, காம்பிலிருந்து நரம்பு. ஆனால் வந்த தண்ணீரில் பெரும்பகுதி சமையல்கட்டுக்குப் போகாமல், திறந்த கதவு வழியாக ஆவியாக வெளியே நழுவிக்கொண்டிருந்தது. தளிர் பதறிவிட்டது. "பெரியம்மா! தண்ணியெல்லாம் போகுது! கதவைச் சாத்துங்க!"

"சாத்தினா அந்த நாலு பேர் எப்படி உள்ளே வருவாங்க? ஒரு கரியமில வாயுவைப் பிடிக்க நூறு நூறாத் தண்ணியை விட்டுத்தான் ஆகணும். இந்த வீட்டுல அதுதான் பெரிய செலவு. அந்தச் செலவுதான் கீழேர்ந்து புதுத் தண்ணியை இழுத்துட்டும் வருது. சரி, உள்ளே வா."

சமையல்கட்டுக்கு இரண்டு கட்டுகள் இருந்தன. முன்கட்டில் பச்சைத் தட்டுகள் இட்லித் தட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அடுப்பு எங்கே என்று தளிர் தேடியது. அடுப்பே இல்லை. வெளிச்சம் மட்டும் கூரை வழியாகத் தட்டுகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடத்தில் தட்டுகள் துடித்தன. அந்தத் துடிப்பில் பக்கத்தில் வந்து நின்ற தண்ணீர் படக்கென்று உடைந்தது. உடைந்ததில் ஹைட்ரஜனைத் தட்டுகள் பிடித்துக்கொண்டன. ஆக்சிஜன்கள் மட்டும் கையில் வேலை எதுவும் இல்லாமல் நின்றன. இரண்டு தண்ணீர் உடைந்ததும் இரண்டு ஆக்சிஜன்கள் கைகோத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தன.

"அவங்க எங்கே போறாங்க?"

"வெளியே. நமக்கு வேணுங்கறதை ராத்திரிக்குன்னு எடுத்து வச்சுக்க முடியாது. தேவைக்கு மேல உள்ளவங்க போயிடுவாங்க."

"அவங்க காத்துலேர்ந்து வந்தவங்கதானே? வந்த இடத்துக்கே போறாங்களா?"

"நல்லாப் பாருடி. இந்த முன்கட்டுல கரியமில வாயு யாராவது இருக்காங்களா?"

தளிர் மூலை முடுக்கெல்லாம் பார்த்தது. ஒருவரும் இல்லை. தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

முன்கட்டிலிருந்து சின்னச் சின்ன ஆட்கள் சார்ஜ் ஏற்றிய டார்ச் லைட்டுகளையும் ஹைட்ரஜன் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்கள். பின்கட்டில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை, கரியமில வாயுவை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சங்கிலியில் கோப்பது. நொடிக்கு மூன்று நான்குதான் கோப்பாள். அவ்வளவு நிதானம். அதனால் அவளைப் போலவே ஏராளமான பாட்டிகளைப் பெரியம்மா வேலைக்கு வைத்திருந்தாள். வந்த டார்ச்சுகளின் சார்ஜ் தீரத் தீர, மூட்டையிலிருந்த ஹைட்ரஜன் சங்கிலியில் சேரச் சேர, சர்க்கரை உருவானது. சார்ஜ் தீர்ந்த டார்ச்சுகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மறுபடி முன்கட்டுக்கு ஓடினார்கள்.

சுவரில் ஒரு கணக்கு எழுதியிருந்தது. உள்ளே வந்தது: தண்ணீர் 12, கரியமில வாயு 6. வெளியே போனது: ஆக்சிஜன் 6 ஜோடி, புதுத் தண்ணீர் 6. ஆக்கியது: சர்க்கரை 1. தளிர் அதை இரண்டு தரம் படித்தது. "வெளிச்சத்தைக் கணக்குல எழுதலையே?"

"எடை போட்டு வாங்குறதைத்தான் அங்கே எழுதுவேன். வெளிச்சத்துக்கு ஏது எடை? ஆனா அது சர்க்கரைக்குள்ளேதான் ஒளிஞ்சிருக்கு. நீ சாப்பிடும்போது உனக்கு வர்ற தெம்பு அதுதான்."

உச்சிப் பொழுதானது. வெயில் கொளுத்தியது. இப்போது சமையல் பறக்கும் என்று தளிர் நினைத்தது. ஆனால் முன்கட்டில் துடிப்பு குறைந்தது, பின்கட்டில் பாட்டிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "வெயில் இவ்வளவு அடிக்குதே, ஏன் எல்லாரும் சும்மா இருக்காங்க?"

"வேர்லேர்ந்து வர்ற தண்ணி பத்தலை. காவல்காரங்க தளர்ந்துபோய்க் கதவைச் சாத்திட்டாங்க. கதவு சாத்தினா கரியமில வாயு வராது. வெளிச்சம் மட்டும் இருந்து என்ன பண்றது?" சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கதவுகள் கொஞ்ச நேரம் திறந்தன, மறுபடி வேலை நடந்தது. இருட்டியதும் முன்கட்டு நின்றது. டார்ச்சுகள் வருவது நின்றதும் பின்கட்டும் நின்றுவிட்டது.

இரவில் தளிருக்குப் பசித்தது. ஆனாலும் காம்பு வழியாகச் சர்க்கரைத் தண்ணி வந்துகொண்டுதான் இருந்தது. பகலில் ஆக்கியதில் ஒரு பங்கைப் பெரியம்மா மாவாக மூட்டை கட்டி வைத்திருந்தாள். இப்போது அதை அவிழ்த்துச் சர்க்கரையாகக் கரைத்து அனுப்பினாள். கொஞ்சம் தானும் சாப்பிட்டாள். சாப்பிட்டபோது ஆக்சிஜன் உள்ளே வந்தது, கரியமில வாயு வெளியே போனது. "பெரியம்மா, இது தலைகீழா இருக்கே?" "சமைக்கிறது வேற, சாப்பிடுறது வேற. பகல்லயும் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், சமையல் சத்தத்துல உனக்குத் தெரியலை."

நாட்கள் போயின. தளிரின் செம்பு நிறம் மங்கி, இளம்பச்சை ஏறி, தொங்கிய தலை நிமிர்ந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரு சிறுமி குழாயடியில் டிபன் பாக்ஸைக் கழுவி, அந்தத் தண்ணீரை மாமரத்தின் அடியில் ஊற்றினாள். மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் தளிரின் காம்பு வரை ஏறிவந்தது. வந்ததில் பெரும்பகுதி ஆவியாகக் கதவு வழியே போயிற்று. மிஞ்சியதில் இரண்டே இரண்டு தளிரின் பச்சைத் தட்டின்மேல் வந்து நின்றன. வெளிச்சம் விழுந்தது. தட்டு துடித்தது. இரண்டு ஆக்சிஜன்கள் கைகோத்துக்கொண்டு கதவைத் தாண்டி வெளியே இறங்கின. கீழே, கிளைக்கு நேர் அடியில், அந்தச் சிறுமி மூச்சு வாங்க ஓடிவந்து நின்றாள்.

கதை இவ்வளவுதான். இதில் எங்கே உண்மை கெட்டியாக நிற்கிறது, எங்கே உவமை இழுத்துப் பிடித்து நிற்கிறது என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் இடையில் நிறுத்திக் கேட்பார்கள். தண்ணீர் உடைவதும் ஆக்சிஜன் வெளியேறுவதும் முன்கட்டில் நடக்கின்றன, கரியமில வாயு கோக்கப்படுவது பின்கட்டில் நடக்கிறது என்பது உறுதியான செய்தி. பசுங்கணிகத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும் தைலகாய்டு தட்டுகள்தான் முன்கட்டு, அவற்றைச் சுற்றியிருக்கும் ஸ்ட்ரோமா பின்கட்டு. பாட்டி என்பது ரூபிஸ்கோ என்ற நொதி. டார்ச்சுகள் என்று சொன்னது ஏடிபி, மூட்டைகள் என்று சொன்னது என்ஏடிபிஎச். இந்தப் பெயர்கள் எதையும் ஏழாம் வகுப்பில் சொல்லவேண்டியதில்லை. ஆனால் பதினோராம் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் இவற்றைப் படிக்கும்போது, கதையில் கேட்டதை அழித்துவிட்டுப் புதிதாகப் படிக்கவேண்டியிருக்காது. கதைக்கு உவமை தேடும்போது நான் பார்ப்பது இது ஒன்றைத்தான்.

பின்கட்டு வேலையை "இருள் வினை" என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இருட்டியதும் பின்கட்டும் நின்றது என்று கதையிலேயே எழுதினேன். அந்த வேலைக்கு ஒளி நேரடியாகத் தேவையில்லை என்பதற்காக வைத்த பெயர் அது. இரவில் நடக்கிறது என்று பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். டார்ச் வராவிட்டால் பின்கட்டு ஓடாது. அங்குள்ள சில நொதிகளே வெளிச்சம் இருந்தால்தான் சுறுசுறுப்பாகின்றன.

உவமை இழுபடும் இடம், சர்க்கரை. பின்கட்டிலிருந்து நேராகக் குளுக்கோஸ் வருவதில்லை. மூன்று கார்பன் கொண்ட ஒரு சிறு சர்க்கரைப் பொருள்தான் முதலில் வருகிறது. அதிலிருந்து ஒரு பக்கம் மாவுச்சத்து, இன்னொரு பக்கம் நாம் காபியில் போடும் அதே சுக்ரோஸ் உருவாகி, ஃபுளோயம் குழாய்கள் வழியே தளிருக்கும் வேருக்கும் காய்க்கும் போகிறது. சமன்பாட்டில் குளுக்கோஸ் என்று எழுதுவது கணக்கு வசதிக்காக. கதையில் "சர்க்கரை" என்று மட்டும் சொன்னால் எந்தப் பொய்யும் இல்லை. இன்னொரு இடம், பாட்டியின் கவனம். ரூபிஸ்கோ சில சமயம் கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடும், வெயில் கூடினால் இந்தத் தவறும் கூடும். முதல் தடவை சொல்லும் கதையில் அதைச் சேர்த்தால் உள்ளே வந்தது எது, வெளியே போனது எது என்ற கணக்கு கலங்கிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். ஒரு கரியமில வாயுவுக்கு இவ்வளவு தண்ணீர் என்று எண் சொல்லாமல் "நூறு நூறா" என்று விட்டதற்கும் காரணம் உண்டு. அது செடிக்குச் செடி, காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மாறும். நெல், மா போன்றவற்றில் சில நூறு என்பது பொருந்தும். சோளம், கரும்பு போன்றவை அதைவிடச் சிக்கனம். இதே காரணத்துக்காக, "ஒரு மரம் இத்தனை பேருக்கு ஆக்சிஜன் தருகிறது" என்ற வாசகத்தைக் கதையின் முடிவில் சேர்த்துவிடாதீர்கள். எந்த மரம், எவ்வளவு இலை, எந்தப் பருவம் என்று சொல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

மண்ணைப் பற்றித் தளிர் கேட்ட முதல் கேள்வியைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். செடியின் உடம்பு மண்ணிலிருந்து வருகிறது என்ற எண்ணம் பிள்ளைகளிடம் வேரோடிப்போய் இருக்கும். வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர், அவர் இறந்த பிறகு 1648இல் வெளியான நூலில், ஒரு சோதனையை விவரிக்கிறார். தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண், அதில் 5 பவுண்டு வில்லோ மரக்கன்று. 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறத்தாழ 164 பவுண்டு கூடியிருந்தது, மண் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். அப்படியென்றால் மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவுகட்டினார். பாதி வழி வந்துவிட்டார், காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. எடைக்கணக்கைப் பாருங்கள்: 180 கிராம் குளுக்கோஸில் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து 168 கிராம், அது முழுவதும் கரியமில வாயுவிலிருந்து வந்தது. தண்ணீர் கொடுத்தது ஹைட்ரஜன் 12 கிராம்தான். சர்க்கரை பெரும்பாலும் காற்றால் ஆனது, வெளியே போகும் காற்று தண்ணீரால் ஆனது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும், நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மண்ணுக்கு ஒன்றுமே பங்கில்லை என்று பிள்ளைகள் அடுத்த எல்லைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையத்துக்கு மக்னீசியமும் நைட்ரஜனும் வேண்டும், அவை மண்ணிலிருந்துதான் வரவேண்டும். அளவு குறைவு, ஆனால் இல்லாவிட்டால் இலை வெளுத்துவிடும். சமையல்கட்டு மொழியில், மண் தருவது அரிசி அல்ல, பாத்திரம் செய்ய வேண்டிய உலோகம்.

கதை முடிந்ததும் ஒரு சோதனை செய்தால் அது மனதில் தங்கும். மாவிலை இதற்குச் சரிப்படாது, தோல் தடிப்பு. குளத்திலோ வண்ணமீன் கடையிலோ கிடைக்கும் ஹைட்ரில்லாவை எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா கலந்தால் கரியமில வாயுவுக்குப் பஞ்சம் இருக்காது. தண்டைக் கூர்மையான பிளேடால் சாய்வாக வெட்டி, வெட்டிய முனை மேலே பார்க்கும்படி தண்ணீரில் அமிழ்த்தி, நல்ல வெயிலில் வையுங்கள். வெட்டுமுனையிலிருந்து குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரமாக வரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெயிலில் தண்ணீர் சூடானால், அதில் கரைந்திருந்த காற்றே குமிழாகக் கண்ணாடியின் உள்சுவரிலும் இலைகளின் மேலும் ஒட்டிக்கொள்ளும். அதைக் காட்டி "ஆக்சிஜன்" என்று சொல்லிவிடக்கூடாது. சுவரில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருப்பது கரைந்த காற்று, வெட்டுமுனையிலிருந்து சீராக எழுவதுதான் நாம் தேடுவது. பக்கத்தில் செடி இல்லாத இன்னொரு பாத்திரம் வைத்தால் பிள்ளைகளே வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். சேர்த்த வாயுவில் கனலும் ஊதுவத்தியைக் காட்டி அது சட்டென்று எரியவில்லை என்றாலும் கலங்கவேண்டாம். அந்த வாயுவில் நைட்ரஜனும் கலந்திருக்கும், அளவும் கொஞ்சம்தான், பல தடவை அது எரியாது. அதனால் நான் ஊதுவத்தியை விட்டுவிட்டுக் கறுப்புத் துணிக்கு மாறினேன். குமிழ் சீராக வரும்போது பாத்திரத்தைத் துணியால் மூடி, ஐந்து நிமிடம் கழித்து ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தால் சரம் நின்றிருக்கும் அல்லது வெகுவாகக் குறைந்திருக்கும். தண்ணீரின் சூடு ஏறத்தாழ அப்படியே இருக்கிறது, மாறியது வெளிச்சம்தான். பிறகு துணியை முழுவதும் எடுத்துவிட்டு, உங்களிடம் கேள்வி கேட்ட அந்த மாணவியைக் கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார வையுங்கள், முதல் குமிழ் திரும்பி வர எத்தனை நொடி ஆகிறது என்று அவளே எண்ணட்டும்.